விண்மீனைத் தாங்கி நிற்பது எது?

விண்மீன் என்பது தன் எடையைத் தானே சுமந்து நிற்கும் வாயு உருண்டை. சூரியனையே எடுத்துக்கொள்ளலாம். அதன் குறுக்களவு ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். அதன் நிறை பூமியின் நிறையைப் போல் 3 லட்சத்து 33 ஆயிரம் மடங்கு. இவ்வளவு பொருளும் தன்னுடைய ஈர்ப்பினாலேயே நடுவை நோக்கி இழுபட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் திடீரென்று இல்லாமல் போனால், சூரியன் முழுவதும் சுமார் அரை மணி நேரத்தில் நடுப்புள்ளியில் போய் விழுந்துவிடும் என்கிறது கணக்கு. அப்படிப்பட்ட சூரியன் 460 கோடி ஆண்டுகளாக விழாமல் நிற்கிறது.

விண்மீனின் பிறப்பும் வாழ்வும் இறப்பும் இந்த இழுபறியின் கதைதான். ஈர்ப்பு ஒருபோதும் ஓய்வதில்லை. அதை எதிர்த்து நிற்பதுதான் காலத்துக்குக் காலம் ஆள் மாறுகிறது. முதலில் சூடான வாயு எதிர்க்கிறது. அது தளர்ந்தபின் எலக்ட்ரான்கள். அவையும் தோற்றால் நியூட்ரான்கள். எதனாலும் தாங்க முடியாமல் போகும்போது உண்டாவது கருந்துளை. எந்த விண்மீன் எந்தக் கட்டத்தோடு நிற்கும் என்பதைப் பெரும்பாலும் ஒன்றே தீர்மானிக்கிறது: பிறக்கும்போது அதற்கு வாய்த்த நிறை.

குளிர்ந்த மேகத்திலிருந்து

கொதிக்கும் விண்மீன்கள் பிறக்கும் இடம் கடுங்குளிர் நிறைந்தது என்பது முதலில் கேட்பவருக்கு வியப்பாக இருக்கும். விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் ஹைட்ரஜனும் ஹீலியமும் சிறிதளவு தூசியும் கலந்த பெரும் மேகங்கள் மிதக்கின்றன. அவற்றின் அடர்ந்த பகுதிகளில் வெப்பநிலை மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். அடர்ந்த பகுதி என்று சொன்னாலும், ஒரு கன சென்டிமீட்டரில் பல ஆயிரம் மூலக்கூறுகள் இருந்தால் அதிகம். நாம் மூச்சிழுக்கும் காற்றில் அதே அளவு இடத்தில் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் மனிதர் உண்டாக்கும் நல்ல வெற்றிடங்களோடு ஒப்பிடத்தக்க வெறுமை அது. ஆனால் மேகம் பல ஒளியாண்டுகள் அகலமானது என்பதால், மொத்தத்தில் ஆயிரக்கணக்கான சூரியன்களைச் செய்யும் அளவுக்குப் பொருள் அதில் அடங்கியிருக்கும்.

குளிர் ஏன் தேவை என்பதற்கு விடை எளியது. வாயு சூடாக இருந்தால் அதன் மூலக்கூறுகள் வேகமாக ஓடி மேகத்தை விரித்துவைக்கும். ஈர்ப்பால் அதைச் சுருக்க முடியாது. குளிர்ந்த வாயுவில் அந்த எதிர்ப்பு பலவீனம். பக்கத்தில் ஒரு விண்மீன் வெடித்து அதன் அதிர்ச்சி அலை வந்து மோதினாலோ, இரண்டு மேகங்கள் உரசிக்கொண்டாலோ, ஓரிடத்தில் வாயு கொஞ்சம் நெருங்கிவிடும். நெருங்கிய இடத்தில் ஈர்ப்பு கூடும். கூடிய ஈர்ப்பு இன்னும் வாயுவை இழுக்கும். மேகம் ஒரே உருண்டையாகச் சுருங்காமல் துண்டு துண்டாக உடைந்து சுருங்குவதால், விண்மீன்கள் பெரும்பாலும் கூட்டமாகவே பிறக்கின்றன.

இதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். ஓரியன் என்ற வேட்டைக்காரன் உருவத்தில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குக் கீழே, வாள் தொங்குவதுபோல் ஒரு சிறிய வரிசை உண்டு. அதன் நடுவில் இருப்பது கூர்மையான புள்ளியாகத் தெரியாமல் மங்கலாகத் தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. பூமியிலிருந்து சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவு. சிறிய தொலைநோக்கி இருந்தால் அதன் நடுவில் நெருங்கி நிற்கும் நான்கு வெண்ணிற விண்மீன்களைப் பிரித்துப் பார்க்கலாம். அவற்றுக்கு வயது பத்து லட்சம் ஆண்டுகள் அளவில்தான். விண்மீன் கணக்கில் அது கைக்குழந்தைப் பருவம்.

சுருங்கும் வாயு மெல்லச் சுழன்றுகொண்டும் இருக்கும். சுருங்கச் சுருங்கச் சுழற்சி வேகம் கூடுவதால், எல்லா வாயுவும் நேராக நடுவில் விழ முடிவதில்லை. ஒரு பகுதி நடுவைச் சுற்றித் தட்டுப்போல் பரவுகிறது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கிகள் 2014-ல் இப்படி ஒரு தட்டைத் துல்லியமாகப் படம் பிடித்தன. எச்.எல். டாவ்ரி என்ற இளம் விண்மீன் அது; சுமார் 450 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அதன் தட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக ஒளிவளையங்களும் இருண்ட இடைவெளிகளும் தெளிவாகத் தெரிந்தன. அந்த இடைவெளிகளில் கோள்கள் உருவாகிவருவதாகப் பல வானியலாளர்கள் கருதுகிறார்கள். பூமியும் ஒரு காலத்தில் இப்படியொரு தட்டில் திரண்டதுதான்.

நடுவில் திரளும் உருண்டை இன்னும் விண்மீன் ஆகிவிடவில்லை. அது ஒளிர்வது சுருங்குவதால் உண்டாகும் சூட்டினால் மட்டுமே. சூரியன்கூட இப்படித்தான் ஒளிர்கிறது என்று 19-ஆம் நூற்றாண்டில் கெல்வின் பிரபு உறுதியாக நம்பினார். அந்தக் கணக்குப்படி சூரியனின் வயது சில கோடி ஆண்டுகளுக்கு மேல் போகாது. பாறைகளை ஆராய்ந்தவர்களும் உயிரினங்களின் பரிணாமத்தை ஆராய்ந்தவர்களும் அந்தக் காலம் போதாது என்று வாதிட்டார்கள். அவர்கள் சொன்னதே சரியாயிற்று. சூரியனுக்கு வேறொரு எரிபொருள் இருக்கிறது என்பதைக் கண்டறிய அடுத்த நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

அடுப்பு மூளும் நேரம்

ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரே ஒரு புரோட்டான். இரண்டு புரோட்டான்களுக்கும் நேர்மின்னூட்டம் என்பதால் அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். நடுப்பகுதியின் வெப்பநிலை சுமார் ஒரு கோடி டிகிரியைத் தொடும்போது, சில புரோட்டான்கள் அந்த விலக்கலையும் மீறி நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. பல படிகளில் நான்கு ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் கரு உண்டாகிறது. அந்த ஹீலியம் கருவின் நிறை, சேர்ந்த நான்கின் மொத்த நிறையைவிட 0.7 சதவீதம் குறைவு. குறைந்த அந்தச் சிறு பங்குதான் ஆற்றலாக வெளிப்படுகிறது. சூரியனின் மையத்தில் நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட நிறை ஒளியும் வெப்பமுமாக மாறிவிடுகிறது.

திரண்ட உருண்டையின் நிறை சூரியனின் நிறையில் சுமார் 8 சதவீதமாவது இருந்தால்தான் இந்த அடுப்பு நிலையாக மூளும். அதற்குக் குறைந்தால் மையம் போதிய அளவு சூடேறாது. அப்படி மூளாமல் போனவற்றுக்குப் பழுப்புக் குறுமீன் என்று பெயர். வியாழன் கோள் இப்போதிருப்பதைவிட எண்பது மடங்கு பெரிய நிறையோடு பிறந்திருந்தால் அதுவும் ஒரு சிறு விண்மீனாகியிருக்கும்.

ஹைட்ரஜன் குண்டு ஒரு நொடியில் வெடித்துத் தீர்ந்துவிடுகிறது. அதே இணைவு சூரியனில் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிதானமாக நடப்பது எப்படி? முதலாவது, அங்கே இணைவு மிகவும் அரிதாகவே நடக்கிறது. சூரிய மையத்தில் உள்ள ஒரு புரோட்டான் மற்றொன்றோடு இணைய, சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒரு கன மீட்டர் சூரிய மையத்தில் உண்டாகும் வெப்பம், அதே கன அளவு மனித உடலில் உண்டாகும் வெப்பத்தைவிடக் குறைவு என்றால் நம்புவது கடினம். ஆனால் உண்மை அதுதான். சூரியன் அவ்வளவு ஒளி வீசுவதற்குக் காரணம் அதன் பருமன்.

இரண்டாவது காரணம், விண்மீன் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. பிரஷர் குக்கரில் ஆவி மிஞ்சினால் வெயிட் தானே எழும்பி ஆவியை வெளியேற்றி மீண்டும் அமர்வது போன்ற ஏற்பாடு இது. மையத்தில் இணைவு கொஞ்சம் கூடினால் சூடு ஏறும், சூடேறிய வாயு விரியும், விரிந்தால் குளிரும், இணைவு பழைய அளவுக்குத் தணியும். இணைவு குறைந்தால் ஈர்ப்பு மையத்தை அழுத்தும், அழுத்தினால் சூடேறும், இணைவு மறுபடி கூடும். ஈர்ப்பும் அழுத்தமும் இப்படிச் சமன்பட்டு நிற்கும் காலமே விண்மீன் வாழ்வின் மிக நீண்ட பருவம். சூரியனுக்கு அது ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கழிந்திருக்கிறது.

அதிக எரிபொருளோடு பிறந்த விண்மீன் அதிக காலம் வாழும் என்று எண்ணத் தோன்றும். நடப்பது நேர்மாறு. நிறை கூடினால் மையத்தின் மீது அழுத்தம் கூடுகிறது, வெப்பம் கூடுகிறது, இணைவு பல மடங்கு வேகமெடுக்கிறது. வானிலேயே மிகப் பிரகாசமான விண்மீனாகத் தெரியும் சிரியஸின் நிறை சூரியனைப் போல் இரண்டு மடங்கு. ஆனால் அது ஒளியைச் செலவிடுவது 25 மடங்கு. இருப்பு இரட்டிப்பு, செலவு இருபத்தைந்து மடங்கு என்றால் எத்தனை நாள் தாங்கும் என்பதை எவரும் கணக்கிட்டுவிடலாம். இருபது சூரிய நிறை கொண்ட விண்மீன் ஒரு கோடி ஆண்டு அளவிலேயே எரிபொருளைத் தீர்த்துவிடும். மறுபக்கம், சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகில், 4.2 ஒளியாண்டு தொலைவில் உள்ள ப்ராக்சிமா சென்டாரி என்ற சிறிய சிவப்பு விண்மீனின் நிறை சூரியனில் எட்டில் ஒரு பங்குதான். அது லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் எரியும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டு என்பதால், இத்தகைய சிறு விண்மீன் ஒன்றுகூட இதுவரை முதுமையால் இறந்திருக்க முடியாது.

சூரியனின் முடிவு

சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்துபோகும் நாள் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டு தள்ளி இருக்கிறது. அன்று மையத்தில் ஹீலியம் மட்டும் சாம்பல்போல் குவிந்திருக்கும். அடுப்பு அணைந்ததும் ஈர்ப்பின் கை ஓங்கி மையம் சுருங்கும். சுருங்கும் மையம் மேலும் சூடேறி, தன்னைச் சுற்றியுள்ள ஓட்டுப்பகுதியின் ஹைட்ரஜனைப் பற்றவைக்கும். அந்த எரிப்பு முன்பைவிட மூர்க்கமானது. வெளிப்புற வாயு ஊதிப் பெருத்து, பரப்பு குளிர்ந்து சிவக்கும். இந்தச் செம்பெருமீன் நிலையில் சூரியன் புதனையும் வெள்ளியையும் விழுங்கிவிடும். பூமி தப்புமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அதைப் பார்க்க இங்கே யாரும் இருக்கப்போவதுமில்லை. சூரியனின் ஒளி சிறிது சிறிதாகக் கூடிவருவதால், நூறு கோடி ஆண்டு அளவிலேயே கடல்கள் வற்றத் தொடங்கிவிடும்.

மையம் பத்துக் கோடி டிகிரியை எட்டும்போது ஹீலியமும் எரியத் தொடங்குகிறது. மூன்று ஹீலியம் கருக்கள் சேர்ந்து கார்பன் ஆகிறது. அதோடு இன்னொரு ஹீலியம் சேர்ந்தால் ஆக்சிஜன். நம் உடலில் உள்ள கார்பன் அணு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழைய விண்மீனின் வயிற்றில் இப்படி வெந்து வந்ததே. கார்பனை எரிக்கும் சூடு வர சூரியனுடைய நிறை போதாது. ஆகவே அதன் வெளிப்புற வாயு படிப்படியாகக் கழன்று விண்வெளியில் வளையம்போல் பரவ, நடுவில் பூமியளவே உள்ள ஒரு வெண்ணிறக் கட்டி எஞ்சும். அதுதான் வெண்குறுமீன்.

அதில் இணைவு எதுவும் நடப்பதில்லை. அப்படியானால் அதைத் தாங்கி நிற்பது எது? இங்கேதான் இரண்டாவது காவலாள் வருகிறது. ஒரே இடத்தில், ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்பது குவாண்டம் இயற்பியலின் விதி. எலக்ட்ரான்களை மிகவும் நெருக்கினால், கிடைக்கும் தாழ்ந்த நிலைகளெல்லாம் நிரம்பி, மிஞ்சியவை வேறு வழியின்றி அதிக வேகத்தில் ஓட வேண்டிவரும். அந்த வேகமே அழுத்தமாகிறது. இந்த அழுத்தத்துக்குச் சூடு தேவையில்லை. வெண்குறுமீன் முழுவதும் ஆறிப்போனாலும் அது குறையாது.

இத்தகைய பொருள் உண்மையில் உண்டு என்பதற்கு முதற்சான்றுகளில் ஒன்று சிரியஸின் துணை. சிரியஸ் நேர்கோட்டில் போகாமல் தள்ளாடி நகர்வதைக் கண்ட ஜெர்மானிய வானியலாளர் பெசல், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதை இழுக்கிறது என்று 1844-ல் அறிவித்தார். 1862-ல் அமெரிக்கத் தொலைநோக்கிக் கலைஞர் ஆல்வன் கிரகாம் கிளார்க், புதிதாகச் செய்த ஒரு லென்ஸைச் சோதிக்கும்போது அந்த மங்கலான துணையைப் பார்த்துவிட்டார். அதன் நிறை சூரியனுக்குச் சமம். உருவமோ பூமியைவிடச் சற்றுச் சிறியது. அதில் ஒரு சர்க்கரைக் கட்டி அளவு பொருளே இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும்.

எலக்ட்ரான்கள் எவ்வளவு நிறையை வேண்டுமானாலும் தாங்குமா? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர். 1930-ல், 19 வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அவர் கணக்கைத் தொடங்கிவிட்டார். நிறை கூடக் கூட எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. ஒளியைவிட வேகமாக எதுவும் ஓட முடியாது என்பதால், அதற்குமேல் அழுத்தம் ஈர்ப்புக்கு ஈடுகொடுத்து உயர முடிவதில்லை. சூரிய நிறையைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேற்பட்ட கட்டியை எலக்ட்ரான்களால் தாங்கவே முடியாது என்பது செப்பனிட்ட முடிவு.

அந்த எல்லையைத் தாண்டிய கட்டி என்ன ஆகும் என்ற கேள்வி அக்காலப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1935 ஜனவரியில் லண்டனில் நடந்த ராயல் வானியல் கழகக் கூட்டத்தில், சந்திரசேகர் பேசி முடித்ததும் எழுந்த ஆர்தர் எடிங்டன், விண்மீன் இப்படிக் கேலிக்கூத்தாக நடந்துகொள்ளாதபடி இயற்கையில் ஏதாவது விதி இருக்க வேண்டும் என்ற கருத்தில் பேசினார். கணக்கில் பிழை எதையும் அவர் காட்டவில்லை. ஆனால் அன்று எடிங்டனின் பெயருக்கு இருந்த மதிப்பே போதுமானதாயிற்று. சந்திரசேகருக்கு நோபல் பரிசு வந்தது 1983-ல்.

பெரியவற்றின் அவசரம்

சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேற்பட்ட நிறையோடு பிறந்த விண்மீன்கள் கார்பனோடு நிற்பதில்லை. அவற்றின் மையத்தில் ஒவ்வொரு சாம்பலும் அடுத்த சுற்றுக்கு எரிபொருளாகிறது. 25 சூரிய நிறை உள்ள ஒரு விண்மீனுக்குப் போடப்பட்ட கணக்கைப் பார்த்தால் அதன் அவசரம் புரியும். ஹைட்ரஜன் எரிந்து தீரச் சுமார் 70 லட்சம் ஆண்டு. ஹீலியத்துக்குச் சில லட்சம் ஆண்டு. கார்பனுக்குச் சில நூறு ஆண்டு. நியானுக்கு ஓராண்டு அளவு. ஆக்சிஜனுக்குச் சில மாதம். கடைசியில் சிலிக்கான் ஒரே நாளில் எரிந்து முடிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே வர, ஈர்ப்பைச் சமாளிக்க வேண்டிய செலவோ ஏறிக்கொண்டே போவதால்தான் இந்த வேகம்.

திருவாதிரை இந்தப் பாதையில் வெகுதூரம் வந்துவிட்ட விண்மீன். ஓரியனின் தோளில் செந்நிறமாக ஒளிரும் அது, சூரியன் இருக்கும் இடத்தில் வைக்கப்பட்டால் செவ்வாயின் சுற்றுப்பாதையையும் தாண்டிப் பரவும். 2019-ன் கடைசியில் அது திடீரென மங்கத் தொடங்கியதும் வெடிக்கப்போகிறது என்று செய்திகள் பறந்தன. சில மாதங்களில் பழைய ஒளிக்குத் திரும்பியது. அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்ததே காரணம் என்று பின்னர் தெரிந்தது. பெரும்பாலும் அதன் மையத்தில் இப்போது ஹீலியம் எரிகிறது. ஆகவே வெடிப்பு ஒரு லட்சம் ஆண்டு தள்ளிப் போனாலும் வியப்பில்லை.

எரிப்பு இரும்பில் வந்து நின்றுவிடுகிறது. இரும்பு வரை கருக்கள் இணைந்தால் ஆற்றல் கிடைக்கும். இரும்பை மேலும் இணைக்க வேண்டுமானால் ஆற்றலைக் கொடுக்க வேண்டும். அதனால் மையத்தில் குவியும் இரும்பை எரிக்க வழியில்லை. எலக்ட்ரான்களின் அழுத்தம் மட்டுமே அதைத் தாங்குகிறது. குவியல் சந்திரசேகர் எல்லையைத் தொட்டதும், பூமியளவு உள்ள அந்த இரும்பு மையம் ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் சில பத்துக் கிலோமீட்டர் அளவுக்குச் சரிந்துவிடுகிறது. எலக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் திணிக்கப்பட்டு நியூட்ரான்களாகின்றன. கூடவே நியூட்ரினோ என்ற, எதனோடும் எளிதில் மோதாத துகள்கள் வெள்ளமாகப் பாய்கின்றன. நியூட்ரான்கள் இடித்துக்கொண்டு நின்றதும் மையம் திடீரென விறைத்து, மேலிருந்து விழும் பொருளை எதிர்த்து உதைக்கிறது. அந்த உதையால் எழும் அதிர்ச்சி அலை பாதிவழியில் தளர்ந்துவிடும். நியூட்ரினோக்களில் ஒரு சிறு பங்கு அதற்குச் சூடேற்றி மீண்டும் தள்ளிவிட்டால்தான் விண்மீன் வெடிக்கும். இதுவே சூப்பர்நோவா.

இந்தக் கதை கணக்கில் மட்டும் இருந்ததை 1987 பிப்ரவரி 23 மாற்றியது. நமது பால்வழிக்குப் பக்கத்தில் உள்ள பெரிய மெகல்லன் மேகம் என்ற சிறு விண்மீன் திரளில், சுமார் 1 லட்சத்து 68 ஆயிரம் ஒளியாண்டு தொலைவில், இருபது சூரிய நிறை அளவுள்ள ஒரு விண்மீன் வெடித்தது தெரிந்தது. ஆனால் வெளிச்சம் தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சோவியத் ஒன்றியத்திலும் பூமிக்கடியில் இருந்த கருவிகளில் சில நொடிகளுக்குள் சுமார் 25 நியூட்ரினோக்கள் பதிவாகியிருந்தன. நியூட்ரினோ மையத்திலிருந்து நேராக வந்துவிடும். அதிர்ச்சி அலை விண்மீனின் பரப்பை வந்தடைந்தால்தான் ஒளி புறப்படும். அந்தச் சில மணி நேர இடைவெளியே, வெடிப்பு மையத்தின் சரிவிலிருந்து தொடங்குகிறது என்பதற்குச் சான்றாயிற்று.

வெடிப்புக்குப் பின் எஞ்சும் கட்டி நியூட்ரான் விண்மீன். சூரியனைவிட அதிக நிறை, இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட குறுக்களவுக்குள் அடங்கியிருக்கும். 1054-ல் சீன வானியலாளர்கள் பகலிலும் தெரிந்த ஒரு புதிய விண்மீனைக் குறித்துவைத்தார்கள். அந்த இடத்தில் இன்று நண்டு நெபுலா விரிந்துகொண்டிருக்கிறது. அதன் நடுவில் ஒரு நியூட்ரான் விண்மீன் நொடிக்கு 30 முறை சுழல்கிறது.

தாங்க ஆளில்லாத இடம்

நியூட்ரான்களுக்கும் ஒரு எல்லை உண்டு. ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் 1939-ல் அதை முதலில் கணக்கிட்டார்கள். இன்றைய மதிப்பீடு சூரிய நிறையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்குக்குள் இருக்கிறது. அவ்வளவு நெருக்கத்தில் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்பது முழுதும் தெரியாததால் இன்னும் துல்லியமாகச் சொல்ல முடிவதில்லை. வெடிப்பு வலுவாக இல்லாமல் வெளிப்புறப் பொருள் மீண்டும் மையத்தில் விழுந்தாலோ, வெடிப்பே நிகழாமல் போனாலோ கட்டி அந்த எல்லையைத் தாண்டிவிடும். அதன்பின் ஈர்ப்பை நிறுத்த இயற்பியலில் தெரிந்த விசை எதுவும் இல்லை. பொதுவாக இருபது சூரிய நிறைக்கு மேல் பிறந்தவற்றுக்கு இந்தக் கதி நேரலாம் என்பார்கள். ஆனால் அது கோடு போட்டதுபோல் இல்லை; வாழ்நாளில் விண்மீன் காற்றாக எவ்வளவு பொருளை இழந்தது என்பதையும் பொறுத்தது.

சரிவு தொடரும்போது பரப்பிலிருந்து தப்பிப்பதற்குத் தேவையான வேகம் ஏறிக்கொண்டே போகும். பூமியின் பரப்பிலிருந்து தப்ப நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் போதும். சூரியனின் பரப்பிலிருந்து 618 கிலோமீட்டர் வேண்டும். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுருங்கிவிட்டால் ஒளியின் வேகமே போதாமல் போகும். அந்த அளவை 1916-ல் வெளியான ஆய்வில் கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்டு ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளிலிருந்து வருவித்தார். ஒரு சூரிய நிறைக்கு ஆரம் 3 கிலோமீட்டர். பத்துச் சூரிய நிறைக்கு 30 கிலோமீட்டர். இந்த எல்லைக்கு நிகழ்வு விளிம்பு என்று பெயர். அங்கே சுவர் எதுவும் இல்லை. உள்ளே போனது திரும்பாது, அவ்வளவுதான். உள்ளே விழுந்த பொருள் நடுவில் எந்நிலையில் இருக்கிறது என்பதற்கு ஐன்ஸ்டீனின் கோட்பாடு தரும் விடை, அளவற்ற அடர்த்தி. கோட்பாடே அங்கே செல்லுபடியாகவில்லை என்பதற்கான அடையாளமாகத்தான் பெரும்பாலோர் அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒளியே வெளிவராத ஒன்றைக் கண்டுபிடித்தது எப்படி? சிக்னஸ் எக்ஸ்-1 இதற்கு நல்ல பாடம். 1964-ல் ராக்கெட்டில் அனுப்பிய கருவி, சிக்னஸ் என்ற அன்னப்பறவை உருவத்தின் திசையிலிருந்து வலுவான எக்ஸ் கதிர்கள் வருவதைக் கண்டது. அந்தக் கதிர்கள் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளும் கூடிக் குறைந்தன. ஒளி அந்த நேரத்தில் கடப்பது 300 கிலோமீட்டர்தான். ஒரு பொருள் முழுவதும் சேர்ந்து அவ்வளவு சீக்கிரம் மினுக்க வேண்டுமானால், அது அந்தத் தூரத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. அதே இடத்தில் சாதாரணத் தொலைநோக்கியில் தெரிவது ஒரு பெரிய நீல விண்மீன். அதன் நிறமாலைக் கோடுகள் 5.6 நாளுக்கு ஒருமுறை நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் மாறி மாறி நகர்வதை 1971-ல் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதாவது விண்மீன் நம்மை நோக்கி வந்து விலகி, கண்ணுக்குத் தெரியாத எதையோ சுற்றுகிறது. சுற்றும் வேகமும் காலமும் தெரிந்தால், சுற்றவைக்கும் பொருளின் நிறையை ஈர்ப்பு விதியைக் கொண்டு கணக்கிடலாம். நியூட்ரான்கள் தாங்கும் எல்லையை அது எங்கோ தாண்டியிருந்தது. 2021-ல் திருத்தி வெளியான மதிப்பு 21 சூரிய நிறை.

எக்ஸ் கதிர்கள் கருந்துளையின் உள்ளிருந்து வருவதில்லை. நீல விண்மீனிலிருந்து வீசும் வாயு கருந்துளையைச் சுற்றித் தட்டாகச் சுழன்று, விளிம்பைத் தாண்டுவதற்கு முன் உரசிக் கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடேறுகிறது. அந்தச் சூட்டின் ஒளியே அது. அது கருந்துளை அல்ல என்று 1974-ல் கிப் தோர்னிடம் பந்தயம் கட்டிய ஸ்டீபன் ஹாக்கிங், 1990-ல் தோல்வியை ஒப்புக்கொண்டார். இதற்கு அடுத்த வலுவான சான்று 2015 செப்டம்பர் 14 அன்று வந்தது. ஏறத்தாழ 36, 29 சூரிய நிறை கொண்ட இரண்டு கருந்துளைகள் ஒன்றாகச் சேர்ந்ததால் எழுந்த ஈர்ப்பலையை அமெரிக்காவின் லைகோ கருவிகள் பதிவுசெய்தன.

கருந்துளை சுற்றியுள்ள எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. தொலைவில் அதன் ஈர்ப்பு, அதே நிறையுள்ள எந்த விண்மீனின் ஈர்ப்புக்கும் சமமே. சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தால், பூமி இருளில் உறையுமே தவிர, பழையபடி ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். இதுவரை அறியப்பட்டவற்றில் நமக்கு மிக அருகில் உள்ள கருந்துளை, 2022-ல் கண்டறியப்பட்ட கையா பிஎச்-1. தொலைவு சுமார் 1,560 ஒளியாண்டு. நிறை சூரியனைப் போல் ஒன்பது மடங்குக்கும் மேல். சூரியனைப் போன்ற ஒரு சாதாரண விண்மீன் அதை 186 நாளுக்கு ஒருமுறை, விழுங்கப்படாமல், ஒழுங்காகச் சுற்றிவருகிறது.